பரவல் வீதத்தின் போக்கு எந்த ஆண்டில் திரும்பியது? ஜாயின்பாயின்ட் முடிவைக் கட்டுரையில் எழுதும் வழி

ஆண்டுதோறும் எடுத்த கணக்கெடுப்பு கையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பரவல் வீதம், அதற்கொரு திட்டப் பிழை. வரைபடத்தில் பார்த்தால் முதல் சில ஆண்டுகள் கிட்டத்தட்டத் தட்டையாக இருந்து, பிறகு கோடு இறங்குகிறது. இறக்கம் எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகம் என்று எழுத வேண்டும். இதற்குப் பொதுச் சுகாதாரக் கண்காணிப்புக் கட்டுரைகளில் வழக்கமாகப் பயன்படுவது ஜாயின்பாயின்ட் ரிக்ரெஷன். நேர்கோட்டுத் துண்டுகளை முனையோடு முனை சேர்த்துத் தரவின்மேல் பொருத்தி, எத்தனை துண்டுகள் போதும், அவை எந்த ஆண்டில் சேர்கின்றன என்று கண்டுபிடிக்கும் முறை அது.

மென்பொருளை ஓட்டுவது அரை மணி நேர வேலை. புதிதாக எழுதுபவர்கள் தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும்: எதை முன்கூட்டி முடிவு செய்வது, வந்த எண்ணை எந்த வாக்கியமாக மாற்றுவது. ஒரே ஓர் உதாரணத்தை முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை, எந்த நாட்டின் தரவும் அல்ல. ஆனால் கணக்கு உண்மையானது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: அட்டவணை

வயது வந்தோரில் தற்போது புகைப்பவர்களின் சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2008 முதல் 2019 வரை 12 ஆண்டுகள். வரிசையாக: 23.4, 24.0, 22.9, 23.3, 23.5, 22.6, 22.2, 20.4, 20.0, 18.4, 18.1, 16.8. திட்டப் பிழை முதல் ஆண்டில் 0.45, கடைசி ஆண்டில் 0.32. அதாவது எல்லா ஆண்டுகளிலும் வீதத்தில் சுமார் 1.9 சதவீதம்.

இந்தத் திட்டப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் வேண்டும். கணக்கெடுப்பு கொத்து முறையிலும் அடுக்கு முறையிலும் எடுத்ததாக இருந்தால், பள்ளிப் பாடத்தில் வரும் எளிய சூத்திரம் பிழையைக் குறைத்துக் காட்டும். மாதிரி வடிவமைப்பையும் எடைகளையும் கணக்கில் கொண்ட திட்டப் பிழையைத்தான் உள்ளே கொடுக்க வேண்டும். மக்கள்தொகை மூப்படைந்து வருகிறது என்றால் எல்லா ஆண்டுகளையும் ஒரே திட்ட மக்கள்தொகைக்கு வயதுச் சீராக்கம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பழக்கத்தின் மாற்றமா, வயதுக் கலவையின் மாற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் இன்னொரு கேள்வி, இதைப் பலர் கேட்பதே இல்லை: இந்த 12 ஆண்டும் ஒரே பொருளைத்தான் அளந்தனவா? இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

இரண்டாம் படி: ஓட்டுவதற்கு முன் எழுதிவைக்க வேண்டியவை

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இலவசமாகத் தரும் Joinpoint Regression Program-தான் இத்துறையில் பரவலாகப் பயன்படுவது. அதில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் சில உண்டு. ஒவ்வொன்றும் முடிவை மாற்றக்கூடியது. ஆகவே தரவைப் போடுவதற்கு முன்பே அவற்றைத் தாளில் எழுதிவிடுவது நல்லது. முடிவைப் பார்த்தபின் அமைப்பை மாற்றினால், நமக்குப் பிடித்த ஆண்டில் திருப்பம் வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்போம்.

அதிகபட்சம் எத்தனை திருப்பங்கள் என்பது முதல் முடிவு. அந்த நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 7 முதல் 11 ஆண்டுத் தரவு என்றால் ஒன்று, 12 முதல் 16 என்றால் இரண்டு, 17 முதல் 21 என்றால் மூன்று. ஆறு ஆண்டோ அதற்குக் குறைவோ இருந்தால் திருப்பமே தேடக் கூடாது, ஒரே கோடுதான். நம் 12 ஆண்டுக்கு உச்சவரம்பு இரண்டு.

அடுத்தது, மடக்கை அளவா நேர் அளவா. மடக்கை அளவில் பொருத்தினால் ஒவ்வொரு துண்டின் சாய்வும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்ற விகித மாற்றமாக வரும். திரையில் APC என்று காட்டும் ஆண்டு சதவீத மாற்றம் இதுதான். நேர் அளவில் பொருத்தினால் ஆண்டுக்கு இத்தனை சதவீதப் புள்ளி என்று வரும். பரவல் வீதம் நடுத்தரமாக, 10-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும்போது இரண்டுமே பொருந்தும், ஆனால் திருப்பம் ஒரே ஆண்டில் விழும் என்ற உறுதி இல்லை. வீதம் 80, 90 என்று மேலே இருந்தால் மடக்கை அளவு அவ்வளவு இயல்பாக இருக்காது. ஏதாவது ஓர் ஆண்டில் வீதம் பூச்சியம் என்றால் மடக்கையே எடுக்க முடியாது. இங்கே மடக்கை அளவையே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, பிழை மாறுபாடு. எல்லா ஆண்டும் ஒரே துல்லியம் என்று விடாமல், திட்டப் பிழையை நாமே தருகிறோம் என்ற தெரிவை எடுங்கள். சரியாக அளந்த ஆண்டுக்கு அதிக எடை கிடைக்கும். மடக்கை அளவில் எடை என்பது வீதத்தைத் திட்டப் பிழையால் வகுத்து இருமடி எடுத்தது. நம் உதாரணத்தில் அந்த விகிதம் எல்லா ஆண்டிலும் ஒன்றே என்பதால் எடைகளும் சமம்.

கடைசியாக, எத்தனை திருப்பம் என்று தேர்ந்தெடுக்கும் முறை. வரிசைமாற்றுச் சோதனை, பேய்சியன் தகவல் அளவை அல்லது BIC, அதன் எடையிட்ட வடிவம் என்று சில உண்டு. வரிசைமாற்றுச் சோதனை பொதுவாகச் சிக்கனமானது, குறைவான திருப்பங்களையே தரும். வெறும் BIC சற்றுத் தாராளம். என் விருப்பம், குறுகிய தொடருக்கு வரிசைமாற்றுச் சோதனை. அதன் இயல்பமைப்பு 4499 வரிசைமாற்றங்கள், ஒட்டுமொத்த முக்கியத்துவ அளவு 0.05. எதை எடுத்தாலும் பெயரைச் சொல்லுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இயல்பமைப்பு மாறியிருப்பதால், "இயல்பமைப்புகளுடன்" என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது. மென்பொருளின் பதிப்பு எண்ணும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: ஓட்டுவது

R பழக்கம் உள்ளவர்கள் segmented தொகுப்பில் இதையே நெருக்கமாகச் செய்யலாம். அட்டவணையின் பெயர் d, அதில் ஆண்டு year, வீதம் p, திட்டப் பிழை se என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```r
library(segmented)
d$lp <- log(d$p)
d$w  <- (d$p / d$se)^2
m0 <- lm(lp ~ year, data = d, weights = w)
m1 <- segmented(m0, seg.Z = ~year, npsi = 1)
slope(m1)
confint(m1)
```

ஒரு வேறுபாடு உண்டு. Joinpoint மென்பொருள் இயல்பாக முழு ஆண்டுகளில் மட்டுமே திருப்பத்தைத் தேடும். segmented தொடர்ச்சியாகத் தேடுவதால் திருப்பம் பின்ன ஆண்டாக வரும். ஒரு கட்டுரையில் ஒன்றைப் பயன்படுத்திவிட்டு மற்றதன் பெயரை எழுதக் கூடாது. எத்தனை திருப்பம் என்பதும் இங்கே தானாக வராது. npsi என்பதில் எண்ணை நாம்தான் தருகிறோம்.

நம் தரவை ஒரே கோடாகப் பொருத்தினால் ஆண்டுக்கு 3.1 சதவீதம் குறைவு என்று வருகிறது. 2013-ல் ஒரு திருப்பம் அனுமதித்தால், எஞ்சிய பிழைகளின் வர்க்கக் கூடுதல் 0.0217-லிருந்து 0.0029 ஆகிறது, கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. எனவே ஒரு திருப்பம் உள்ள மாதிரி தெளிவாக மேல். முதல் துண்டில், 2008 முதல் 2013 வரை, ஆண்டு சதவீத மாற்றம் −0.5, 95% நம்பக இடைவெளி −1.4 முதல் 0.4 வரை. இரண்டாம் துண்டில், 2013 முதல் 2019 வரை, −5.0, இடைவெளி −5.7 முதல் −4.3 வரை.

இந்த எண்களை நீங்களே சரிபார்க்கும் வழி எளிது. இரண்டாம் துண்டின் மடக்கைச் சாய்வு −0.0512. அதை e-ன் அடுக்காக எடுத்தால் 0.950. ஒன்றைக் கழித்து நூறால் பெருக்கினால் −5.0. சாய்வை நேராக நூறால் பெருக்கி −5.1 என்று எழுதினால் சற்றுத் தவறு. மாற்றம் பெரிதாகப் பெரிதாக அந்தத் தவறும் பெருகும்.

நான்காம் படி: திருப்ப ஆண்டும் அதன் இடைவெளியும்

கட்டுரைகளில் அதிகம் விடுபடுவது இதுதான். 2013 என்பது ஒரு மதிப்பீடு. மற்ற மதிப்பீடுகளைப் போல இதற்கும் நம்பக இடைவெளி உண்டு, மென்பொருளும் அதைத் தருகிறது. ஆனாலும் அட்டவணையில் வெறும் ஆண்டை மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

இடைவெளி எப்படி வருகிறது என்று பார்த்தால் பொருள் விளங்கும். திருப்பத்தை 2012-க்கு நகர்த்தினால் பிழைக் கூடுதல் 0.0035, 2014-க்கு நகர்த்தினால் 0.0039. 2013-ன் 0.0029-ஐ விட மோசம்தான், ஆனால் விலக்கிவிடும் அளவுக்கு மோசமில்லை. நம் தரவுக்கு விலக்கும் எல்லை சுமார் 0.0049. 2011-க்கோ 2015-க்கோ நகர்த்தினால் 0.007-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே திருப்பம் 2013, 95% இடைவெளி 2012 முதல் 2014 வரை.

இதைத் தெரிந்துகொண்டபின் உரைப் பகுதியில் ஒரு வாக்கியம் எழுத முடியாமல் போகிறது. "2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைத் தொடர்ந்து பரவல் குறையத் தொடங்கியது" என்ற வாக்கியம். 2012-லேயே திரும்பியிருக்கலாம் என்று தரவே சொல்கிறதே. மேலும் ஜாயின்பாயின்ட் முறை எந்தக் காரணத்தையும் சோதிப்பதில்லை. அது வளைவு இருக்கும் இடத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். குறிப்பிட்ட கொள்கையின் விளைவை அறிய வேண்டுமென்றால், ஆண்டை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொண்டு இடைமறித்த காலத்தொடர் முறையில் போக வேண்டும். அது வேறு கட்டுரை.

ஐந்தாம் படி: வாக்கியமாக எழுதுவது

முறைகள் பகுதியில் இப்படி எழுதலாம்:

"2008–2019 காலத்தின் வயதுச் சீராக்கிய பரவல் வீதங்களின் இயல் மடக்கைக்கு ஜாயின்பாயின்ட் ரிக்ரெஷன் பொருத்தினோம். கணக்கெடுப்பு வடிவமைப்பைக் கருதிக் கணித்த திட்டப் பிழைகளால் எடையிட்டோம். அதிகபட்சம் இரண்டு திருப்பங்களை அனுமதித்தோம். திருப்பங்களின் எண்ணிக்கையை வரிசைமாற்றுச் சோதனையால், 4499 வரிசைமாற்றங்களுடன், ஒட்டுமொத்த முக்கியத்துவ அளவு 0.05-ல் தேர்ந்தோம். திருப்பத்துக்கும் தொடரின் இரு முனைகளுக்கும் இடையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுகள் இரண்டு."

இதோடு மென்பொருள் பெயர், பதிப்பு, நம்பக இடைவெளி கணித்த முறை. இவ்வளவு இருந்தால் வேறொருவர் அதே தரவைப் போட்டு அதே விடையை எடுக்க முடியும். முறைகள் பகுதிக்கு அதுதான் அளவுகோல்.

முடிவுகள் பகுதி:

"புகைப்பவர்களின் பரவல் 2008-ல் 23.4 சதவீதமாகவும் 2019-ல் 16.8 சதவீதமாகவும் இருந்தது. 2013-ல் (95% நம்பக இடைவெளி 2012–2014) ஒரு திருப்பம் காணப்பட்டது. 2008–2013-ல் ஆண்டு சதவீத மாற்றம் −0.5 (−1.4 முதல் 0.4 வரை), பூச்சியத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. 2013–2019-ல் பரவல் ஆண்டுக்கு 5.0 சதவீதம் குறைந்தது (−5.7 முதல் −4.3 வரை)."

முதல் துண்டைப் பற்றிய சொல்லைக் கவனியுங்கள். "மாற்றமில்லை" என்று எழுதவில்லை. ஆண்டுக்கு 1.4 சதவீதக் குறைவும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறதே. ஐந்து ஆண்டுக்கு அது சுமார் ஏழு சதவீதம், சிறிய விஷயமல்ல. பல இதழ்கள் இத்தகைய துண்டை "நிலையானது" என்று குறிக்கின்றன. அப்படி எழுதுவதானால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முறைகள் பகுதியில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

"ஆண்டுக்கு 5.0 சதவீதம் குறைந்தது" என்பதை வாசகர் 23-லிருந்து 18 ஆனது என்று புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். இது பரவல் வீதத்துக்கே உரிய சிக்கல், ஏனென்றால் வீதமே சதவீதத்தில்தான் இருக்கிறது. அதனால் புள்ளிக் கணக்கையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பொருத்திய கோட்டின்படி 2013-ல் 23.0, 2019-ல் 16.9, அதாவது ஆறு ஆண்டில் 6.1 சதவீதப் புள்ளி, ஆண்டுக்குச் சுமார் ஒரு புள்ளி. இந்த ஒரு வரிக்காக எந்த மதிப்பாய்வாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முழுக் காலத்துக்கும் ஓர் எண் கேட்பார்கள். திரையில் AAPC என்று வரும் சராசரி ஆண்டு சதவீத மாற்றம் அது. துண்டுகளின் மடக்கைச் சாய்வுகளை அவற்றின் நீளத்தால் எடையிட்டுச் சராசரி எடுப்பது. நமக்கு ஐந்து ஆண்டும் ஆறு ஆண்டும்: −0.0054-ஐ ஐந்தாலும் −0.0512-ஐ ஆறாலும் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் −0.0304. சதவீதமாக −3.0 (−3.3 முதல் −2.7 வரை). முதலில் ஒரே கோடு தந்த −3.1-க்கு மிக அருகில். இதைத் தனியாகச் சுருக்கப் பகுதியில் போட்டால் பாதிக் காலம் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை என்ற செய்தியே மறைந்துவிடும். சராசரி எண் நாடுகளையோ குழுக்களையோ ஒரே காலத்துக்கு ஒப்பிட உதவும். திருப்பம்தான் செய்தி என்கிற கட்டுரையில் அது இரண்டாம் இடத்தில் இருக்கட்டும்.

ஆண், பெண் என்று பிரித்து ஓட்டினால் ஒரு பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். ஆண்களின் சாய்வு முக்கியத்துவம் பெற்றது, பெண்களின் சாய்வு பெறவில்லை, ஆகவே இருவர் போக்கும் வேறு என்று எழுதுவது. வேறுபாட்டை நேரடியாகச் சோதிக்க வேண்டும். அதற்கென இரு கோடுகள் இணையாக உள்ளனவா என்ற சோதனை மென்பொருளிலேயே இருக்கிறது.

வரைபடத்தில் அளந்த வீதங்களைப் புள்ளிகளாகவும், பொருத்திய துண்டுகளைக் கோடாகவும் இரண்டையும் காட்டுங்கள். கோடு மட்டும் இருந்தால் தரவு எவ்வளவு சிதறியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

போலித் திருப்பம்

ஜாயின்பாயின்ட் மாதிரியின் அடிப்படை அனுமானம், துண்டுகள் தொடர்ச்சியானவை, இடையில் தாவல் இல்லை என்பது. அளக்கும் முறை மாறினால் தாவல் வரும். அமெரிக்காவின் BRFSS என்ற தொலைபேசிக் கணக்கெடுப்பு 2011-ல் கைப்பேசி எண்களைச் சேர்த்தது, எடையிடும் முறையையும் மாற்றியது. அதனால் 2011-க்கு முந்தைய வீதங்களை அதன்பின் வந்தவற்றோடு நேராக ஒப்பிடக் கூடாது என்று அதை நடத்தும் அமைப்பே சொல்லிவிட்டது. தெரியாமல் இரண்டையும் ஒரே தொடராகப் போட்டால் மென்பொருள் புகார் சொல்லாது. தாவலை இரண்டு மூன்று ஆண்டுச் செங்குத்தான துண்டாக மாற்றி, நல்ல முக்கியத்துவ மதிப்போடு திருப்பித் தரும்.

கண்டுபிடிக்கும் அடையாளம்: இரண்டு திருப்பங்கள் மிக அருகில், நடுவில் குறுகிய செங்குத்தான துண்டு, அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே சாய்வு. அப்படி வந்தால் போக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். "தற்போது புகைக்கிறீர்களா" என்ற கேள்வியில் மின்சிகரெட் எப்போது சேர்ந்தது, தினமும் என்பது எப்போது சில நாட்களில் என்று விரிந்தது, வீட்டுக்கு வந்து கேட்டது எப்போது தொலைபேசிக்கு மாறியது என்று. மாற்றம் நடந்த ஆண்டு தெரிந்தால் தொடரை அங்கே வெட்டி இரண்டாக ஆராயலாம், அல்லது தாவலை அனுமதிக்கும் மாதிரியைப் பயன்படுத்தலாம். புதிய பதிப்புகளில் அதுவும் உண்டு.

இன்னொரு பலவீனம் தொடரின் கடைசி முனை. இயல்பமைப்பில் கடைசித் துண்டு திருப்பத்துக்குப் பின் இரண்டே ஆண்டுகளோடு நிற்கலாம். அடுத்த ஆண்டுத் தரவு வந்ததும் அது காணாமல் போவதும் உண்டு. சோதிக்கும் வழி, கடைசி ஆண்டை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவது. நம் உதாரணத்தில் 2019-ஐ நீக்கினால் திருப்பம் 2013-லேயே நிற்கிறது, இரண்டாம் துண்டின் மாற்றம் −5.0-லிருந்து −4.9 ஆகிறது. ஆனால் 2012-க்கும் 2013-க்கும் இடையிலான பிழை வித்தியாசம் மிகச் சுருங்கிவிடுகிறது, 0.0031-க்கு எதிராக 0.0029. சாய்வு உறுதியானது, ஆண்டு அவ்வளவு உறுதியில்லை. இந்த மறுஓட்டத்தின் முடிவைத் துணை அட்டவணையில் போட்டு, உரைப் பகுதியில் ஒரு வாக்கியமாக இப்படிச் சொல்லலாம்: "2019-ஐ நீக்கியபோதும் சாய்வு ஏறக்குறைய மாறவில்லை, திருப்பம் 2012-லா 2013-லா என்பதை இத்தரவால் பிரித்தறிய முடியவில்லை."